138-க்கும் 142-க்கும் நடுவே ஒரு கோடு

பெரியம்மாவுக்குப் பி.பி. பார்க்கப் போயிருந்தேன். "மேல 138. நார்மல்தாம்மா" என்றார் நர்ஸ். அடுத்து உட்கார்ந்தவருக்கு 142. "உங்களுக்கு பிரஷர் இருக்குங்க" என்று அவரை மட்டும் டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை தரலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் தவறில்லை. அதே கோட்டை ஆராய்ச்சிக்குள்ளும் கொண்டுபோய், எல்லோரையும் 'குறைவு', 'அதிகம்' என இரண்டு பெட்டிகளில் அடைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்களே, தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ரத்த அழுத்தத்தில் இது பழைய வழக்கு. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தனி ஒரு கூட்டம் என்று 1940, 50-களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட் வாதிட்டார். ஜார்ஜ் பிக்கரிங் மறுத்தார். மக்களை அளந்து பார்த்தால் அழுத்தம் இடைவெளியே இல்லாமல் ஏறிக்கொண்டு போகிறது, இயல்பு எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று உடம்பே எந்தக் கோடும் போட்டு வைக்கவில்லை என்பது அவர் வாதம். 2002-இல் 61 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 10 லட்சம் பேரின் விவரங்கள் அலசப்பட்டன. 40 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில், மேல் அளவு 115-இலிருந்து ஒவ்வொரு 20 ஏறும்போதும் பக்கவாதத்தாலோ இதய நோயாலோ சாகும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று தெரிந்தது. 140-இல் திடீர் ஏற்றம் எதுவும் இல்லை.

இந்த விதியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பெட்டிகளைத் திறந்து பாருங்கள். 138-க்கும் 142-க்கும் வித்தியாசம் வெறும் 4. ஆபத்தில் சுமார் 15 சதவீதம்தான் கூடுதல். ஆனால் அவர்கள் வேறு வேறு பெட்டியில். 118-ம் 138-ம் ஒரே பெட்டியில். அவர்களுக்குள் ஆபத்து இரண்டு மடங்கு வேறுபடுகிறது. 142-ம் 182-ம் ஒன்றாக 'அதிகம்' பெட்டியில். அங்கே நான்கு மடங்கு. பெட்டிக்குள் இருக்கும் இந்த வேறுபாடு முழுவதையும் கணக்கு பார்க்காமலே விட்டுவிடுகிறது.

இந்த இழப்பை அளக்கவும் முடியும். அளவுகள் மணி வடிவில் பரவியிருந்து, விளைவோடு உள்ள உறவும் நேர்கோடாக, மிதமாக இருந்தால், சரிபாதியில் வெட்டும்போது 100 பேரின் தரவு 64 பேரின் தரவுக்குச் சமமாகிவிடுகிறது. மூன்றில் ஒருவருக்கு மேல் ஊசி குத்தி, படிவம் நிரப்பி, பிறகு கிழித்துப் போட்டதற்குச் சமம். நடுவில் வெட்டாமல் ஓரமாக வெட்டினால் இழப்பு இன்னும் கூடும்.

இழப்பைவிட எனக்குப் பெரிய கவலை, தவறான முடிவு வருவதுதான். அழுத்தத்துக்கும் மரணத்துக்கும் உள்ள உறவைப் பார்க்கும்போது வயதின் பங்கை நீக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயதையும் '60-க்குக் கீழ்', '60-க்கு மேல்' என்று வெட்டிவிட்டால்? 60-க்கு மேற்பட்டவர்களுக்குள்ளேயே அழுத்தம் கூடியவர்கள் பெரும்பாலும் மூத்தவர்களாக இருப்பார்கள். 62 வயதுக்காரரையும் 78 வயதுக்காரரையும் சமவயதினராகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த 16 வருடத்தின் பாரம் அழுத்தத்தின் தலையில் விழும். அட்டவணையின் கீழே 'வயது சரிசெய்யப்பட்டது' என்றுதான் போட்டிருக்கும், பாதிதான் சரிசெய்யப்பட்டிருக்கும்.

எங்கே வெட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதோ, அங்கேயே வெட்டுகிற பழக்கம் இன்னும் மோசம். மார்பகப் புற்றுநோயில், செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் 'எஸ்-கட்ட விகிதம்' என்ற அளவைப் பற்றிய கட்டுரைகளை டக்ளஸ் ஆல்ட்மனும் சகாக்களும் 1994-இல் புரட்டிப் பார்த்தார்கள். 19 வெவ்வேறு இடங்களில் வெட்டியிருந்தார்கள். பல இடங்களில் வெட்டிப் பார்த்து, நன்றாக வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டால், இல்லாத உறவை உண்டென்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 40 வரை ஏறக்கூடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே ஒரு கட்டுரையில் 137.5 போன்ற விநோதமான எல்லையைக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடுங்கள். தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவான எல்லை என்றால் அதற்கான காரணத்தை எழுதியிருப்பார்கள்.

"உறவு நேர்கோடாக இல்லையே, அதனால்தானே வெட்டுகிறோம்" என்பார்கள் சிலர். வளைவு இருந்தால் வளைவையே வரையலாம். உடல் எடை மிகக் குறைந்தாலும் ஆபத்து, மிகக் கூடினாலும் ஆபத்து; இரண்டாக வெட்டினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, எடைக்கும் மரணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றுகூட வரலாம். இதற்கென்றே 'ஸ்ப்ளைன்' என்ற முறை இருக்கிறது. கப்பல் கட்டுகிறவர்கள் வளைகோடு போட வைத்திருந்த, வளைந்துகொடுக்கும் மெல்லிய மரச்சட்டத்தின் பெயர் அது. தரவு இழுக்கும் பக்கம் கோடு வளையும். எந்த இடத்திலும் உடையாது. மருத்துவமனையில் கிடைக்கிற சாதாரண அளவுத் தரவுக்கு இரண்டு மூன்று வளைவே போதும். அதற்கு மேல் விட்டால் கோடு இரைச்சலையெல்லாம் துரத்தத் தொடங்கும். அப்படி வரைந்த கோட்டில் பெரியம்மாவின் 138-ம் பக்கத்து பெஞ்சுக்காரரின் 142-ம் கிட்டத்தட்ட ஒட்டியே நிற்கின்றன. 118-ஐத் தேடினால் அது இருவருக்கும் வெகு கீழே இருக்கிறது.