முகூர்த்த நாளில் காய்ச்சல் வந்தால்

ஆவணி மாதம், நல்ல முகூர்த்தம். காலை 6 மணியிலிருந்து 7.30க்குள் தாலி கட்டு. முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு 103 டிகிரி காய்ச்சல். மூட்டு வலியில் காலைக் கீழே ஊன்ற முடியவில்லை. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். ஆர்டர் பேசுவது, எடுப்பது, ஆல்பம் போடுவது எல்லாம் நான் ஒருவன்தான். படுத்தபடியே சுற்றுவட்டாரத்தில் தெரிந்த போட்டோகிராபர்கள் பதினோரு பேரைக் கூப்பிட்டேன். "அண்ணே, நாளைக்கு முகூர்த்தமாச்சே, எனக்கே ரெண்டு ஆர்டர் இருக்கு" என்பதுதான் எல்லாருடைய பதிலும்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு நானே போனேன். மூன்று முடிச்சும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கை நடுங்கி ஆட்டம் கண்டிருந்தன. பெண்ணின் அப்பா ஆல்பத்தை அந்தப் பக்கம் வரை புரட்டினார். ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்துவிட்டார்.

என்னிடம் மாற்று ஆள் இல்லாமல் இல்லை, பதினோரு பேர் இருந்தார்கள். ஆனால் நான் தேவைப்படும் அதே நாளில்தான் அவர்களும் வேறெங்கோ தேவைப்படுகிறார்கள். எனக்கு வேலை இல்லாத நாளில் அவர்களுக்கும் இல்லை. அப்படிப்பட்ட ஆள் எத்தனை பேர் இருந்தாலும் எனக்குத் துணையில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகு, ஆளோ, பொருளோ, பணமோ, எதை மாற்றாக வைத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: முதலாவது விழுகிற அதே காரணத்தால் இதுவும் விழுமா?

அந்தக் கேள்வியோடு தேடியபோது ஆள் கிடைத்தார். பக்கத்து ஊரில் பெரும்பாலும் தேவாலயக் கல்யாணங்கள் எடுக்கும் ஒரு தம்பி. அவர் நாட்காட்டி வேறு. அங்கே பெரும்பாலும் பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறிப்பதில்லை, தவக்காலத்தில் கல்யாணம் வைப்பதில்லை. நான் ஓடித் திரியும் பங்குனியில் அவர் ஓய்வாக இருப்பார். ஆடியில் நான் சும்மா இருக்கும்போது அவருக்கு ஆர்டர் வரும். பள்ளி விழா, கடைப் பொருட்கள் என்று எடுக்கும் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டேன். ஆர்டர் எடுக்கும்போதே இந்த இருவரில் யார் அன்று ஓய்வு என்று கேட்டு, அந்தப் பெயரையும் தேதியோடு எழுதிவிடுகிறேன். எனக்காகப் போகிறவருக்கு அன்றைய கூலி அன்றே. ஆல்பம் வேலை என்னுடையது. வாடிக்கையாளர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. "உடல்நலம் இல்லாவிட்டால் இன்னார் வருவார்" என்பதை அட்வான்ஸ் வாங்கும் ரசீதிலேயே எழுதி, அவர் எடுத்த படங்களையும் காட்டிவிடுகிறேன். முன்பே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அன்று காலையில் புது முகம் வந்து நின்றால்தான் கோபம் வருகிறது.

ஆள் போனால் மட்டும் போதாது. யார் தாய்மாமன், யார் அத்தை என்று தெரியாதவர் கேமராவை எங்கே திருப்புவார்? அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு பக்கத் தாள் எழுதி, மூன்று நாள் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். மண்டபத்தின் பெயர், முகூர்த்த நேரம், சடங்குகளின் வரிசை, மேடைக்குக் கீழே நின்று ஆட்களைக் கூப்பிட்டுத் தரக்கூடிய ஓர் உறவினரின் எண், விடவே கூடாத பத்துப் படங்கள். ஒரு தாளில் "சக்கர நாற்காலியில் பாட்டி வருவார், சீக்கிரம் கிளம்பிவிடுவார், வந்தவுடன் எடுக்கவும்" என்று எழுதியிருந்தேன். காய்ச்சல்காரன் நினைவில் வைத்துச் சொல்லக்கூடிய விஷயமா இது?

கருவி விஷயத்திலும் இதே பாடத்தைக் கொஞ்சம் கசப்பாகவே கற்றேன். என் கேமராவில் இரண்டு கார்டு போடலாம். இரண்டிலும் படம் பதிவாகிறது என்று ஒரு வருஷம் நம்பியிருந்தேன். ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து வந்து பார்த்தால் இரண்டாவது கார்டு காலி. மெனுவில் அது Overflow என்று இருந்தது. அதாவது முதல் கார்டு நிரம்பினால்தான் அடுத்ததில் எழுதும். Backup என்று மாற்றினால்தான் ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழும். சில கேமராக்களில் இதன் பெயர் Rec. to multiple. மெனுவைப் பார்த்து மட்டும் நம்பாதீர்கள்: பத்துப் படம் எடுத்து, முதல் கார்டை உருவிவிட்டு, இரண்டாவதில் பத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நடுவில் கார்டு பிழை காட்டினால், அதை வெளியே எடுத்துப் பையில் வைத்துவிட வேண்டும். அதில் ஃபார்மட் செய்வதோ மேலும் எடுப்பதோ கூடாது. மீட்க முடிந்த படங்களின் மேல் புதிய படங்கள் எழுதப்பட்டுவிடும்.

இரண்டாவது கேமரா பாடியும் வேண்டும், பழையதானாலும் சரி. ஆனால் அதே லென்ஸும் அதே பேட்டரியும் பொருந்துவதாக இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பஸ்ஸில் பை காணாமல் போனால் இரண்டும் போகும்.

வீட்டுக்கு வந்தபின் என்ன? ஒரு கல்யாணத்துக்குச் சுமார் 2,500 படம். படம் ஒன்று 30 எம்.பி. என்றால் 75 ஜி.பி. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க ஒளிப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கைத்தான் நானும் வைத்திருக்கிறேன்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மூன்றும் ஆகும்வரை கார்டை அழிப்பதில்லை. "வேறு இடம்" என்றால் இணையம்தான் என்று முதலில் நினைத்தேன். பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் இருக்கும் எங்கள் இணைப்பில் 75 ஜி.பி. ஏற 17 மணி நேரம் பிடிக்கும். அதோடு, கணினியில் நான் தவறி அழித்த ஒரு கோப்புறையை, இணையத்தோடு ஒத்திசைக்கும் சேவை அங்கேயும் அழித்துவிட்டது. கைதவறும்போது கூடவே தவறுகிற பிரதி பிரதியாகாது. இப்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கை அந்தத் தம்பி வீட்டில் வைத்திருக்கிறேன், அவருடையது என் வீட்டில்.

விடுமுறை எங்களுக்கு நாட்காட்டியே கொடுத்துவிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆக ஒன்பது மாத வருமானம் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் வருஷத்துக்கு 3,60,000. வேலை இருக்கும் ஒன்பது மாதங்களில் பங்கிட்டால் மாதம் 40,000. அந்தக் கூடுதல் 10,000 தனிக் கணக்குக்குப் போய்விடும். அட்வான்ஸ் பணத்தையும் கல்யாணம் முடியும்வரை தொடுவதில்லை. டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்தால் ஆர்டரையே இன்னொருவருக்கு மாற்றிவிட வேண்டியிருக்கும், அப்போது கைமாறுவது அந்தப் பணம்தான். ஆனால் ஆடியில் முழு ஓய்வு என்று நினைக்க முடியாது. ஆனி முகூர்த்தங்களின் ஆல்பம் எல்லாம் அப்போதுதான் குவியும். அதனால் ஆல்பம் தரும் தேதியைச் சொல்லும்போதே ஆடியின் முதல் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன். அந்தப் பத்து நாள் குடும்பத்துக்கு.

பத்து நாள் கழிந்து ஒரு மாலையில் தம்பி என் டிஸ்க்கோடு வருவார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று கல்யாணங்களைத் தேர்ந்தெடுத்து, கோப்புறைகளைத் திறந்து படங்களைப் பார்ப்போம். போன ஆடியில் ஒரு வரவேற்புக் கோப்புறை திறக்கவில்லை. வீட்டில் இருந்த பிரதியிலிருந்து மறுபடி எழுதி, பாட்டி முகம் தெரியும்வரை பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.