ஆலோசகருக்குக் கோபம் வந்தால்

ஒருவர் இன்று வரவில்லை என்று தெரிந்ததும் மனதுக்குள் நிம்மதி. இன்னொருவருக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் கால் மணி நேரம் கூடுதல். மனநல சிகிச்சை பழகும் பயிற்சியாளர்கள் சூப்பர்விஷனில் சொல்லத் தயங்குவது இப்படிப்பட்டவற்றைத்தான்.

சிகிச்சைக்கு வருபவர் மீது சிகிச்சையாளருக்கு எழும் இந்த உணர்வுகளைக் கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ் என்கிறார்கள். 1910-இல் இதைப் பற்றிப் பேசிய ஃபிராய்டு, சிகிச்சையாளர் அடையாளம் கண்டு கடக்கவேண்டிய தடையாகவே இதைப் பார்த்தார். 1950-இல் லண்டனில் பௌலா ஹைமன் வேறு பக்கம் திருப்பினார்: எதிரே இருப்பவரின் மனதை அறிய இந்த உணர்வே ஒரு கருவி. ஆனால் உணர்வு யாருடையது என்று பிரித்துப் பார்த்தால்தான் கருவி பயன்படும். அதற்கு அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

பயிற்சியில் நடக்கக்கூடியதை வைத்து ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், "உனக்கு என்ன வயசும்மா? இதெல்லாம் உனக்குப் புரியுமா?" என்று கேட்கிறார். பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. மீதி நேரமெல்லாம் அறிவுரையாகக் கொட்டிவிட்டார். சூப்பர்வைசரிடம் வந்து, "அவர் ஒத்துழைக்க மாட்டேங்கிறார் மேடம்" என்றார்.

மேடம் அந்தத் தீர்ப்புக்குள் போகவில்லை. "அந்தக் கேள்விக்குச் சற்று முன்னால் அவர் என்ன பேசிக்கொண்டிருந்தார்?" என்று குறிப்பேட்டைப் படிக்கச் சொன்னார். வெளியூரில் இருக்கும் மகன் போன்கூடச் செய்வதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வலி வெளியே வந்த அடுத்த நொடியே கேட்பவரைத் தள்ளிவிட்டார். வீட்டிலும் ஆபீசிலும் எல்லோரும் தன்னிடம் எரிந்து விழுவதாக முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் கோபத்தில் ஒரு பங்கு அவர் தூண்டுவது.

இன்னொரு பங்கு பயிற்சியாளருடையது. "எங்க அப்பாவும் இப்படித்தான் மட்டம் தட்டுவார்" என்றார். மேடம் அதைக் கேட்டுக்கொண்டார், கிளறவில்லை. அப்பாவைப் பற்றிய பேச்சுக்கு இடம் பயிற்சியாளரின் சொந்த சிகிச்சை. சூப்பர்விஷன் அதற்கு மாற்று ஆகாது.

மேடம் தன்னையும் கவனித்தார். தான் சொல்லும் ஒவ்வொரு யோசனையையும் பயிற்சியாளர் தட்டிவிடுவதும், தனக்கே எரிச்சல் ஏறுவதும் தெரிந்தது. சிகிச்சை அறையில் நடந்தது சூப்பர்விஷன் அறையிலும் நடக்கிறது. இந்தப் பிரதிபலிப்பை அமெரிக்க மனநல மருத்துவர் ஹெரால்டு சேர்ல்ஸ் 1955-இல் விவரித்தார். மேடம் அதை எடுத்துச் சொன்னதும், அந்த மனிதருக்கு உதவி பெறுவதே எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று பயிற்சியாளருக்குப் புரிந்தது.

அடுத்த சந்திப்பில் அவர் தன் கோபத்தைச் சொல்லவில்லை. "மகனைப் பற்றிப் பேசும்போது பேச்சு என் வயதுக்குத் திரும்பியது, கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இது ஓர் ஊகம்தான். அவர் மகனிடம் திரும்பி வந்தால் ஊகத்துக்கு வலு கூடும். மறுத்தால் அடுத்த சூப்பர்விஷனில் மறுபடி யோசிக்கவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் மதிப்பெண் போடுபவரும் சூப்பர்வைசர்தான். அதனால் வெறுப்பையும் ஈர்ப்பையும் பலர் மறைத்துவிடுகிறார்கள். எதைச் சொன்னால் மதிப்பீட்டில் சேரும், எது சேராது என்று முதல் சந்திப்பிலேயே பேசிவைப்பது நல்லது. ஒருவருக்கு மட்டும் சொந்த நம்பரைக் கொடுத்தாலோ, வெளியே சந்திக்க ஆசை வந்தாலோ, அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றே சூப்பர்வைசரை அழைக்கவேண்டும்.