சராசரி மறைக்கும் நாடித்துடிப்பு

கபடிப் பயிற்சிக்குப் போகும் இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பயிற்சி நாளில் அவர் தூங்கிய 8 மணி நேரம் துடிப்பு நிமிடத்துக்கு 57. விழித்திருந்த பதினான்கரை மணி நேரம் 71. ஆடிய ஒன்றரை மணி நேரம் 130. நேரத்தால் பெருக்கி, கூட்டி, 24ஆல் வகுத்தால் சராசரி 70. அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். தூக்கத்தில் 64, மீதி 16 மணி நேரம் 73. சராசரி அன்றும் அதே 70தான்!

ஆடியதால் ஏறிய துடிப்பு எது, காய்ச்சலால் ஏறியது எது என்று சராசரிக்குத் தெரியாது. அளவுகளைக் கூட்டாமல், சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்திப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

வரிசையின் நட்ட நடுவில் நிற்பது இடைநிலை. பாதி நாள் துடிப்பு அதற்குக் கீழே இருந்தது என்று பொருள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் துடிப்பு 130 ஆனாலும் 160 ஆனாலும் அது நகராது. வரிசையின் அடியிலிருந்து நூற்றில் ஐந்து பங்கு தாண்டி நிற்பது 5ஆம் நூற்றுமானம். அது ஆழ்ந்த ஓய்வின் அளவு. நம் இளைஞருக்குப் பயிற்சி நாளில் அது 51 என்றும் காய்ச்சல் நாளில் 60 என்றும் வைத்துக்கொண்டால், உடம்பு ஓய்வெடுக்கவில்லை என்பது உடனே தெரிகிறது. மேலே 95ஆம் நூற்றுமானம் 118, 80 என்று வந்தால், ஆடிய நாள் எது என்று கேட்கவே வேண்டாம்.

மிகக் குறைந்த, மிக உயர்ந்த அளவுகளையே எடுத்துக்கொண்டால் என்ன? அவற்றை நம்ப முடியாது. துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்ந்திருந்தால், ஓடும்போது காலடியின் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடும். திடீரென்று 170க்குத் தாவி, அங்கேயே அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். அப்படி ஒரே ஒரு தப்பு அளவு போதும், உச்சம் பொய்யாகிவிடும். நூற்றுமானம் ஒன்றிரண்டு தப்புகளுக்கு அசையாது. நெடுநேரம் தப்பாக எண்ணினால் அதுவும் ஏமாறும்.

வரிசைப்படுத்துமுன் ஒரு வேலை உண்டு. பல கடிகாரங்கள் ஓய்வில் அரிதாகவும் பயிற்சியில் அடிக்கடியும் பதிவு செய்கின்றன. ஓய்வில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, பயிற்சியில் 5 நொடிக்கு ஒருமுறை என்றால், ஒன்றரை மணி நேர ஆட்டம் 1080 பதிவுகள்; மீதி நாள் முழுவதும் 270தான். அப்படியே வரிசைப்படுத்தினால் இடைநிலைகூட ஆட்டத்துக்குள் போய் விழும். ஆகவே நாளை ஐந்து நிமிடத் துண்டுகளாக 288 ஆக வெட்டி, துண்டுக்கு ஒரு இடைநிலை எடுத்து, அந்த 288ஐ வரிசைப்படுத்த வேண்டும். கடிகாரத்தைக் கழற்றி வைத்த துண்டுகளைக் காலியாகவே விடுங்கள். சுழியம் போட்டு நிரப்பாதீர்கள்.

பிறகு 5, 50, 95 ஆகிய மூன்று எண்களையும் தினமும் குறித்துவையுங்கள். ஒப்பிட வேண்டியது அடுத்தவருடைய எண்ணோடு அல்ல, உங்களுடைய போன வாரத்தோடு.