நான்காவது பந்தியின் சாம்பாரை ருசி பார்ப்பது எப்படி?

கல்யாணத்துக்கு கேட்டரிங்காரரைப் பேசி முடித்த கையோடு பலர் அனுப்புகிற மின்னஞ்சல் ஒரே வரிதான்: "சுமார் 600 பேர் வருவார்கள், மெனுவை ருசி பார்க்க எப்போது வரலாம்?" இதை வைத்துக்கொண்டு அவர் எதையும் திட்டமிட முடியாது. 600 என்பது பெரும்பாலும் பத்திரிகை கொடுத்த கணக்கு. அவருக்கு வேண்டியது இலைக் கணக்கு, அதுவும் வேளைக்கு வேளை தனித்தனியாக.

சென்னையில் பிப்ரவரி 7 மாலை வரவேற்பு, 8 காலை முகூர்த்தம் என்று ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். வரவேற்புக்கு அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் வருவார்கள். 450 இலை விழும். காலை டிபனுக்கு மண்டபத்தில் தங்கியவர்களும் நெருங்கிய உறவும்தான், 180 போதும். முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 280. மொத்தம் 910 இலை. மூன்று வேளைக்கும் 600 என்று எழுதிக் கொடுத்தால் அதுவே 1,800 ஆகிவிடும். எழுதிக் கொடுத்த எண்ணிக்கைக்குக் குறைவாக இலை விழுந்தாலும் அந்த எண்ணிக்கைக்கே பணம் வாங்குவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். அதனால் முதல் மின்னஞ்சலிலேயே, "இது உத்தேசக் கணக்கு, இறுதி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்?" என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது ருசி பார்க்கும் நாள். இந்தக் கல்யாணத்துக்கு ஜனவரி முதல் வாரம் நல்ல நேரம். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் தலைமைச் சமையல்காரர் சற்று ஓய்வாக இருப்பார். தை பிறந்துவிட்டால் ஒரே நாளில் மூன்று நான்கு மண்டபங்களுக்குத் தனித்தனிக் குழுக்கள் போகும்; உங்களுக்கு மாதிரி சமைத்தவர் உங்கள் கல்யாணத்தன்று வேறு மண்டபத்தில் நிற்கலாம். ஆகவே, "ருசி பார்க்கும் நாளில் சமைப்பவரே எங்கள் கல்யாணத்துக்கும் வருவாரா?" என்ற கேள்வி மின்னஞ்சலில் இருந்தே ஆக வேண்டும்.

இருபது அயிட்டத்தையும் ருசி பார்க்கத் தேவையில்லை. ஆறு போதும்: சாம்பார், ரசம், குருமா, ஒரு கூட்டு, பால் பாயசம், புதிதாகச் சேர்த்த ஏதாவது ஒன்று. அப்பளமும் வடையும் எங்கேயும் சூடாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். சங்கடம் காத்திருக்கும் பண்டங்களில்தான். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பந்திக்கு 120 பேர் என்றால் 450 பேருக்கு நான்கு பந்தி. ஏழு மணிக்குத் தொடங்கி பந்திக்கு நாற்பது நிமிடம் பிடித்தால் கடைசிப் பந்தி உட்காரும்போது மணி ஒன்பது. அதற்குள் சாம்பார் இறுகும், பாயசம் கெட்டிப்படும், திரும்பத் திரும்பக் கொதித்த ரசத்தில் மணம் போய்விடும். எனவே இப்படி எழுதுங்கள்:

"ஜனவரி 4, ஞாயிறு காலை 11 மணிக்கு நாங்கள் நான்கு பேர் வருகிறோம். சாம்பார், ரசம், பாயசம் மூன்றையும் 9 மணிக்கே தயாரித்து, மண்டபத்தில் வைப்பதுபோல் சூடாக வைத்திருங்கள். மற்றவை நாங்கள் வந்தபின் இறக்கினால் போதும்."

நல்ல கேட்டரிங்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி; அதற்கான ஏற்பாடு அவரிடம் இருக்கிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

விருப்பங்களை எழுதும்போது பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. 'முகூர்த்தச் சாப்பாட்டில் மட்டும் வெங்காயம், பூண்டு வேண்டாம். வரவேற்பில் சேர்க்கலாம்' என்று வேளையைக் குறிக்க வேண்டும். ஒவ்வாமை என்றால் பொருளின் பெயரையே எழுத வேண்டும். ஒரு குழந்தைக்கு முந்திரி ஆகாது என்று வைத்துக்கொள்வோம். பாயசத்தில் மிதக்கும் முந்திரி கண்ணுக்குத் தெரியும். குருமாவில் அரைத்து விட்டது தெரியாது. கோதுமை ஆகாதவருக்குச் சப்பாத்தியைத் தவிர்த்தால் போதாது. கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும், பல சமயம் அது கோதுமை மாவு. சாம்பாரிலும் ரசத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். "அரைத்து விடுவது, தாளிப்பது, பொடி உட்பட எதிலெல்லாம் முந்திரியும் கோதுமையும் சேர்கின்றன?" என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வாமை கடுமையானது என்றால் அந்த ஒருவருக்குத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு சமைக்கச் சொல்வதுதான் பாதுகாப்பு.

ருசி பார்த்த அன்று சமையற்கட்டில் நின்று சொல்லும் திருத்தம், ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. அன்று மாலையே இன்னொரு மின்னஞ்சல் போக வேண்டும்: ரசத்தில் மிளகு சற்றுக் குறைய வேண்டும், குருமாவில் முந்திரிக்குப் பதில் தேங்காயும் கசகசாவும், கடைசி இரண்டு பந்திக்கு ரசம் தனியாக வைக்க வேண்டும். கல்யாணத்தன்று இலை எண்ணப்போகும் நம் வீட்டுக்காரர் யார் என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால், இறுதிக் கணக்கில் பேச்சு வளராது.