வெங்காயம் எத்தனை, கடலை எத்தனை? கட்டத் தாள் சொல்லும் விடை

கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் தைப் பட்டம் நெருங்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. சின்ன வெங்காயம் ஏக்கருக்கு அதிக மிச்சம் தருகிறது. நிலக்கடலை அதைவிடக் குறைவாகத் தருகிறது. அப்படியானால் முடிந்த மட்டும் வெங்காயமே நடுவதுதானே இலாபம்?

இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வராது. நிலம் ஒன்றுதான் குறைவு, தண்ணீரும் பணமும் தாராளம் என்றால், ஏக்கருக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் போதும். கிணற்றுத் தண்ணீருக்கும் கைப்பணத்துக்கும் எல்லை இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிர் இரண்டாக இருக்கும்வரை இதை ஒரு கட்டத் தாளிலேயே செய்து முடிக்கலாம்.

முதலில் எழுதிக்கொள்ள வேண்டியவை

செம்மண் பூமியில் ஐந்து ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அவருடைய கிணறு மாசிக் கடைசியில் நாளொன்றுக்கு 5 மணி நேரம்தான் இறைப்புக்குத் தாங்கும். வாரத்துக்கு 35 மணி. ஓர் ஏக்கரை ஒரு முறை பாய்ச்ச 5 மணி நேரம் ஆகிறது. வெங்காயத்துக்கு வாரம் இரண்டு தண்ணீர், அதாவது ஏக்கருக்கு 10 மணி. கடலைக்கு வாரம் ஒரு தண்ணீர், 5 மணி.

வெங்காயத்துக்கு விதைக்காய், நடவு, உரம், மருந்து, களை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 80,000 ரூபாய் கைப்பணம் வேண்டும். கடலைக்கு வீட்டு விதையே இருப்பதால் 20,000 போதும். சேமிப்பும் பயிர்க் கடனும் சேர்த்து அவரிடம் 2,60,000 இருக்கிறது. செலவு போக, வெங்காயம் ஏக்கருக்கு 30,000 ரூபாயும் கடலை 20,000 ரூபாயும் மிச்சம் தரும் என்று மதிப்பிடுகிறார்.

இவை உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஒவ்வொருவரும் தம் தோட்டத்து எண்களைப் போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் கணக்கில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பட்டம் முழுவதற்குமான சராசரியை எடுக்கக் கூடாது. இரண்டு பயிரும் வயலில் நிற்கும் காலத்தில், கிணறு மிகவும் இறங்கியிருக்கும் வாரத்தின் அளவையே எடுக்க வேண்டும். சராசரியை நம்பி நட்டால், காய் பருக்கும் நேரத்தில் தண்ணீர் பற்றாமல் போகும்.

மூன்று வரப்புகள்

கட்டத் தாளில் இடது கீழ் மூலையிலிருந்து வலப்பக்கமாக ஒரு கோடும் மேல்நோக்கி ஒரு கோடும் போட வேண்டும். வலப்பக்கம் போகும் கோட்டில் வெங்காய ஏக்கர், மேலே போகும் கோட்டில் கடலை ஏக்கர். பத்துச் சிறு கட்டம் ஓர் ஏக்கர் என்று வைத்தால், ஒரு சிறு கட்டம் 10 சென்ட் ஆகும். தாளில் எந்த இடத்தில் புள்ளி வைத்தாலும் அது ஒரு சாகுபடித் திட்டம். வலப்பக்கம் 2, மேலே 3 என்ற இடத்தில் வைத்த புள்ளி, 2 ஏக்கர் வெங்காயம், 3 ஏக்கர் கடலை என்று பொருள்படும்.

இனி ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு நேர்கோடு. முதலில் நிலம். முழுதும் வெங்காயம் என்றால் 5 ஏக்கர், முழுதும் கடலை என்றாலும் 5 ஏக்கர். இரண்டு கோட்டிலும் 5-ல் புள்ளி வைத்து இணைத்தால் அது நிலக் கோடு.

அடுத்து தண்ணீர். 35 மணியையும் வெங்காயத்துக்கே விட்டால் மூன்றரை ஏக்கர் பாயும். கடலைக்கே விட்டால் 7 ஏக்கர் பாயும். வலப்பக்கம் 3½-ஐயும் மேலே 7-ஐயும் இணைப்பது தண்ணீர்க் கோடு.

மூன்றாவது பணம். 2,60,000 ரூபாயில் வெங்காயம் மட்டும் நட்டால் 3 ஏக்கர் 25 சென்ட் நடலாம். கடலை மட்டும் என்றால் 13 ஏக்கர் வரும், அது தாளுக்கு மேலே போய்விடும். அதற்குப் பதிலாக வேறொரு புள்ளி பிடிக்கலாம். 2 ஏக்கர் வெங்காயத்துக்கு 1,60,000 போனால் மீதி ஒரு இலட்சம், அதில் 5 ஏக்கர் கடலை போடலாம். எனவே வலப்பக்கம் 2, மேலே 5 என்ற புள்ளியை, வலப்பக்கக் கோட்டின் மூன்றேகாலுடன் இணைத்தால் பணக் கோடு கிடைக்கும்.

இந்த மூன்று கோடுகளையும் வரப்புகளாக நினைத்துக்கொள்ளலாம். எந்த வரப்பையும் தாண்டாமல், மூன்றுக்கும் உட்புறமாக இருக்கும் இடமே சாகுபடிக்கு ஏற்ற பகுதி. அதைப் பென்சிலால் நிழல் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு வெளியே உள்ள எந்தத் திட்டத்திலும் நிலமோ தண்ணீரோ பணமோ ஒன்று பற்றாது.

மூலைகளைப் பார்த்தால் ஏன் போதும்?

நிழல் பகுதிக்குள் எண்ணற்ற திட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கணக்கிட வேண்டியதில்லை. 2 ஏக்கர் வெங்காயம் மட்டும் நட்டாலும் 60,000 ரூபாய் மிச்சம், 3 ஏக்கர் கடலை மட்டும் போட்டாலும் 60,000 மிச்சம். அந்த இரண்டு புள்ளிகளின் மேல் அளவுகோலை வைத்தால், அதன் ஓரத்தில் வரும் திட்டங்கள் எல்லாமே 60,000 தருபவை. சாய்வு மாறாமல் அளவுகோலை வெளிப்பக்கமாக நகர்த்த நகர்த்த மிச்சம் கூடிக்கொண்டே போகும். நிழல் பகுதியை விட்டு அளவுகோல் விலகும் கடைசி நேரத்தில் அது ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஒரு வரப்பு முழுவதையும் தொட்டுக்கொண்டிருக்கும். வரப்பைத் தொட்டாலும் அதன் இரு முனையும் மூலைகள்தானே! ஆகவே மூலைகளை மட்டும் பார்த்தால் விடை தப்பாது.

ஒன்றும் பயிரிடாத தொடக்க மூலையை விட்டால் இந்தப் படத்தில் நான்கு மூலைகள் மிஞ்சுகின்றன.

5 ஏக்கரும் கடலை: மிச்சம் 1,00,000 ரூபாய்.
2 ஏக்கர் வெங்காயம், 3 ஏக்கர் கடலை: 60,000-மும் 60,000-மும் சேர்ந்து 1,20,000.
3 ஏக்கர் வெங்காயம், 1 ஏக்கர் கடலை: 90,000-மும் 20,000-மும் சேர்ந்து 1,10,000.
3 ஏக்கர் 25 சென்ட் வெங்காயம் மட்டும்: 97,500.

ஏக்கருக்கு அதிகம் தரும் வெங்காயத்தை முடிந்த மட்டும் நட்டதுதான் கடைசி இடம்! முழுதும் கடலை போட்டவருக்குக் கிடைப்பதைவிடவும் அது 2,500 ரூபாய் குறைவு. காரணம் எளிது. பணம் தீர்ந்துபோனதால் 1 ஏக்கர் 75 சென்ட் நிலம் தரிசாகக் கிடக்கிறது. இரண்டுக்கு மூன்று என்று பிரித்தவருக்கு அதைவிட 22,500 ரூபாய் கூடுதல்.

ஏமாற்றும் மூலை

இந்த முறையில் எளிதாக நேரும் தவறு ஒன்று உண்டு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் எல்லாம் மூலை என்று எண்ணிவிடுவதுதான் அது. நிலக் கோடும் பணக் கோடும் சுமார் 2 ஏக்கர் 67 சென்ட் வெங்காயம், 2 ஏக்கர் 33 சென்ட் கடலை என்ற இடத்தில் வெட்டுகின்றன. அங்கே மிச்சம் சுமார் 1,26,700 ரூபாய் என்று வரும். நான்கு மூலைகளையும்விட இது அதிகம் என்பதால் ஆசை காட்டும். ஆனால் அந்தப் புள்ளி தண்ணீர்க் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வாரம் 38 மணிக்கு மேல் தண்ணீர் வேண்டும், கிணற்றில் இருப்பதோ 35.

எந்தப் புள்ளியையும் எடுப்பதற்கு முன் நிலம், தண்ணீர், பணம் மூன்றிலும் அதைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். 2 ஏக்கர் வெங்காயம், 3 ஏக்கர் கடலை என்ற திட்டத்துக்கு நிலம் 5, தண்ணீர் 20-ம் 15-ம் சேர்ந்து 35 மணி, பணம் 2,20,000. மூன்றும் எல்லைக்குள் அடங்குகின்றன.

கடன் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?

அந்தச் சரிபார்ப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. நிலமும் தண்ணீரும் முழுதும் தீர்ந்துவிட்டன. பணத்தில் 40,000 மீதி நிற்கிறது. ஆகவே இந்தப் பட்டத்துக்கு மேலும் நகையை அடகு வைத்துக் கடன் வாங்கினால் வட்டிதான் கூடும், வரவு கூடாது.

தண்ணீர் அப்படியல்ல. வாரத்தில் ஒரு மணி நேரத் தண்ணீர் கூடக் கிடைத்தால், 20 சென்ட் நிலத்தைக் கடலையிலிருந்து வெங்காயத்துக்கு மாற்றலாம். வெங்காயத்தில் 6,000 கூடும், கடலையில் 4,000 குறையும். நிகரமாக 2,000 ரூபாய் மிச்சம். மண் வாய்க்காலில் உறிஞ்சிப்போகும் தண்ணீரைக் குழாய் போட்டுத் தடுத்து, வாரம் 3 மணி நேரம் மிச்சப்படுத்தினால் 6,000 ரூபாய் கூடுதலாகும். குழாய்ச் செலவு கட்டுமா என்பதை இதோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். 38 மணிக்கு மேல் சற்றுப் போனதும் பணக் கோடு குறுக்கே வந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும் கூடிப் பயனில்லை.

விலை மாறினால்

அறுவடை விலையை நடும்போதே யாராலும் சொல்ல முடியாது. அதற்கும் இந்தப் படம் ஓரளவு துணை செய்கிறது. கடலையின் மிச்சம் 20,000 என்றே இருந்தால், வெங்காயத்தின் மிச்சம் 20,000-க்கும் 40,000-க்கும் இடையில் எங்கே நின்றாலும் இரண்டுக்கு மூன்று என்ற மூலையே முதலிடம் பெறுகிறது. சரியாக 40,000 என்றால், அந்த மூலைக்கும் 3 ஏக்கர் வெங்காயம், 1 ஏக்கர் கடலை என்ற மூலைக்கும் இடைப்பட்ட வரப்பு முழுவதும் 1,40,000 தரும். 40,000-ஐத் தாண்டினால் மூன்றுக்கு ஒன்று என்ற மூலை முந்தும். வெங்காயத்தின் மிச்சம் 50,000 என்றால் அது 1,70,000 தரும், இரண்டுக்கு மூன்று 1,60,000 தரும். வெங்காயம் மட்டும் நடுவது முதலிடம் பெற வேண்டுமானால் மிச்சம் 80,000-ஐத் தாண்ட வேண்டும். மாறாக 20,000-க்குக் கீழே இறங்கினால் முழுதும் கடலையே நல்லது.

ஆகவே விலையைத் துல்லியமாகக் கணிக்க வேண்டியதில்லை. எந்த இரண்டு எல்லைகளுக்குள் நிற்கும் என்று தெரிந்தாலே போதும்.

மூன்றாவது பயிர் ஒன்று சேர்ந்தால் இந்தத் தாள் போதாது. அத்தகைய கணக்குகளுக்கு அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் ஒரு முறை வகுத்தார். அதுவும் மூலைக்கு மூலை நகர்ந்துதான் விடை தேடுகிறது. இரண்டு பயிருக்குக் கட்டத் தாளே போதுமானது. நடவுக்கு முன் கிணற்றின் இறைப்பு நேரத்தைச் சரியாக அளந்து வைத்திருந்தால், மீதிக் கணக்கு அரை மணி நேர வேலை.