பிஜி-யில் ஒரே ஸ்டாண்டில் நாலு டூத் பிரஷ்: கிருமி பயம் எவ்வளவு நியாயம்?

வேலைக்காக ஹைதராபாத் வந்து, பாலாநகரில் பிஜி எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாத்ரூம், நாலு பேர், ஒரே பிரஷ் ஸ்டாண்ட். ரூம்மேட்டுக்குச் சளி. 'எல்லாரும் பிரஷ்ஷைத் தூக்கிப் போடணுமா?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

ஸ்டாண்டைப் பகிர்ந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் குவின்னிபியாக் பல்கலைக்கழகத்தில் பொதுக் குளியலறைகளில் இருந்த மாணவர்களின் பிரஷ்களைச் சோதித்தார்கள். ஒரு குளியலறையைச் சராசரியாக 9 பேர் பயன்படுத்தினார்கள். குறைந்தது 60% பிரஷ்களில் மலத்தோடு தொடர்புடைய கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தது. அப்படி இருந்தால், அது அடுத்தவரிடமிருந்து வந்திருக்க 80% வாய்ப்பு. 2015-ல் அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் இதை வெளியிட்டார்கள்.

பதற வேண்டாம். பிரஷ்ஷில் கிருமி இருந்தது என்றுதான் ஆய்வு சொல்கிறது. அதனால் யாருக்கும் நோய் வந்தது என்று சொல்லவில்லை. தண்ணீரிலோ மவுத்வாஷிலோ அலசியதும் பெரிய வித்தியாசம் தரவில்லை.

மூடி போட்டால் பாதுகாப்பா?

இல்லை, அது எதிர்விளைவுதான் தரும். மூடிக்குள் ஈரம் காயாது. ஈரம்தான் பாக்டீரியா பெருக வசதி. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை எளிமையானது: நன்றாக அலசுங்கள், நிமிர்த்தி வையுங்கள், காற்றில் காயவிடுங்கள், ஒன்றோடொன்று உரச விடாதீர்கள். பிஜி-யில் இதற்குச் சுலப வழி, பிரஷ்ஷைத் தனி டம்ளரில் உங்கள் ரூம் ஜன்னலோரம் வைப்பது. டாய்லெட் தெறிப்பும் இல்லை, காற்றும் கிடைக்கும்.

சளி பிடித்தால் மாற்றணுமா?

கட்டாயமில்லை. உங்களைத் தாக்கிய அதே வைரஸுக்கு எதிராக உடல் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியை உருவாக்கியிருக்கும். எனவே உங்கள் பிரஷ்ஷே உங்களுக்குத் திரும்பச் சளி தருவது அரிது. பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சியிலும் இதைப் பார்த்தார்கள். டெக்சாஸின் கால்வெஸ்டனில் நடந்து 2013-ல் வெளியான சிறிய ஆய்வில், அந்த நோய் வந்த 14 பேரின் பிரஷ் எதிலும் அந்தக் கிருமி வளரவில்லை.

மற்றவர்கள் விஷயம் வேறு. சளி உள்ளவரின் பிரஷ் உங்கள் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. பேஸ்ட் டியூபின் வாயும் அவர் பிரஷ்ஷில் படக்கூடாது. கீமோதெரபி போன்ற சிகிச்சையால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது.

அப்போ எப்போதான் மாற்றணும்?

3 முதல் 4 மாதத்துக்கு ஒருமுறை. முக்கியக் காரணம் கிருமி அல்ல, தேய்மானம். பிரஷ்ஷைப் பின்பக்கமாகப் பாருங்கள். நார்கள் தலைப்பகுதியைத் தாண்டி வெளியே விரிந்து தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். விரிந்த நார் ஈறு ஓரத்தில் இருக்கும் அழுக்கை எடுக்காது. ஒரே மாதத்தில் விரிகிறதா? அப்படியானால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள். புது பிரஷ் வாங்கினால் மட்டும் போதாது, கையின் அழுத்தத்தையும் குறைக்கணும்.