பெயர் இல்லாத செய்தி யாருடையது?

தமிழ் நாளிதழ்களில் பல செய்திகள் எழுதியவர் பெயரின்றி, ‘நமது நிருபர்’ என்றே வெளிவருகின்றன. அதனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் நிருபர் இணைக்கும் நறுக்குகளை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது.

ஒருவர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைச் செய்திகளை நான்கு ஆண்டுகள் கவனித்ததாகச் சுயவிவரத்தில் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நறுக்குகள் இணைத்திருக்கிறார். நான் முதலில் பார்ப்பது தேதிகளை. பத்தும் பத்து வழக்குகளா, அல்லது ஒரே வழக்கு மனுத்தாக்கல், இடைக்கால உத்தரவு, தீர்ப்பு என்று தொடர்கிறதா? ஒரு துறையில் உண்மையாகவே உழைத்தவரிடம் அப்படி ஒரு தொடர்ச்சியாவது இருக்கும்.

அடுத்து வினைச்சொற்கள். விசாரணையின்போது நீதிபதி வாய்மொழியாகச் சொன்ன கருத்தை ‘நீதிமன்றம் உத்தரவு’ என்று எழுதியிருந்தால், அவர் உத்தரவு நகலைப் படிக்கவில்லை என்றே பொருள். இடைக்காலத் தடையை வெற்றி என்று எழுதுவதும் அதே குறைதான். தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அதைப் பெரும்பாலும் உதவி ஆசிரியர்தான் வைப்பார்.

செய்தி அவருடையதுதானா என்பதை நேர்காணலில் அறியலாம். ஒரு நறுக்கை எடுத்து, மனு உங்களுக்கு எப்படிக் கிடைத்தது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன சொன்னார், இடமின்றி வெட்டப்பட்டது எது என்று கேட்க வேண்டும். அலைந்து எழுதியவர் வெட்டுப்பட்ட பத்தியைத்தான் முதலில் சொல்வார். செய்தி கொடுத்தவர் பெயரை மட்டும் கேட்கக் கூடாது. அதைச் சொல்ல மறுக்கும் நிருபருக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.